பழுதான பிரீசருக்குத் திருத்தம் கேட்பதா, மாற்றுக் கேட்பதா, பணத்தைக் கேட்பதா?

கடைக்கு வாங்கிய பிரீசர் பழுதாகி, அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது, "ஆகவே இதனைத் திருத்தித் தரவும், அல்லது மாற்றித் தரவும், அல்லது பணத்தைத் திருப்பித் தரவும்" என்று மூன்றையும் ஒரே வரியில் கேட்டு முடிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறது. வாழைச்சேனையிலிருந்து கல்முனை வரையுள்ள சிறு வியாபாரிகளுக்குக் கணக்கும் கடிதமும் எழுதிக் கொடுக்கிற என்னிடம் வரும் மின்னஞ்சல்களில் நான் முதலில் அடித்துவிடும் வரி அதுதான். மூன்றையும் சமமாகக் கேட்டால், அவற்றில் மிகக் குறைந்த செலவுள்ளதை நிறுவனம் கொடுத்துவிட்டு, கேட்டதைக் கொடுத்தோம் என்று கோப்பை மூடிவிட முடியும். பிரீசர் விடயத்தில் மிகக் குறைந்த செலவுள்ளது இன்னொரு தடவை காஸ் அடிப்பதாகும்.

ஆகவே எழுதத் தொடங்குவதற்கு முன்பே, மூன்றில் எது உங்களுக்கு வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைக் கோபத்தின் அளவு முடிவு செய்யக்கூடாது. பழுது எங்கே இருக்கிறது என்பதே முடிவு செய்ய வேண்டும். இதை விளங்கப்படுத்த, வாழைச்சேனையில் மீனும் இறாலும் வாங்கி விற்கும் ஒரு வியாபாரியின் விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர் 2025 ஜனவரி 20ஆம் திகதி, மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கடையில், 198,500 ரூபாவுக்கு மேல்மூடி திறக்கும் பெரிய பிரீசர் ஒன்றை வாங்கினார். பற்றுச்சீட்டு அவருடைய பதிவு செய்யப்பட்ட வியாபாரப் பெயரில் இருந்தது. மார்ச் 3ஆம் திகதி குளிர் குறைந்தது. நிறுவனத்தின் சேவை நிலையத்திலிருந்து வந்த டெக்னீசியன் காஸ் அடித்துவிட்டுப் போனார். மார்ச் 27இல் மறுபடியும் அதே குறை, மறுபடியும் காஸ். ஏப்ரல் 8ஆம் திகதி காலையில் மூடியைத் திறந்தபோது, கொம்பிரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வைத்திருந்த வெப்பமானியோ மறை 7 பாகை காட்டியது. மீனுக்கு மறை 18 வேண்டும். உட்சுவரில் பனி கீழ்ப் பாதியில் மட்டும் படிந்திருந்தது, மேற்பாதி வெறும் ஈரமாக இருந்தது. கொம்பிரசர் ஓடியும் பனி பாதிச் சுவரோடு நின்றுவிடுவது, குழாயினுள் காஸ் போதாமல் இருக்கிறது என்பதற்கான வழமையான அடையாளம்.

திருத்தம் என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதை வேண்டாமென்று சொல்வதற்கும் காரணம் வேண்டும். பிரீசரில் பல பழுதுகள் திருத்தத்தக்கவை. ரிலே போய்விட்டால், தெர்மோஸ்டாட் போய்விட்டால், அரை மணி நேர வேலையுடன் இயந்திரம் புதிதுபோல ஓடும். அதற்காகப் புதிய பிரீசர் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது நியாயமும் அல்ல, பலிக்கவும் மாட்டாது. காஸ் கசிவிலும்கூட, கசிவு பின்பக்கத்தில் கொம்பிரசர் இருக்கும் அறையில், கண்ணுக்குத் தெரியும் ஒட்டுகளில் ஒன்றில் இருந்தால், அதை மீண்டும் ஒட்டி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகு காஸ் நிரப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஒட்டைச் சுற்றி எண்ணெய்ப் பசை படிந்திருப்பதை விரலால் தொட்டே பார்க்கலாம். இந்த நிலையில் திருத்தமே சரியான கோரிக்கை. ஆனால் "திருத்தித் தரவும்" என்று மட்டும் எழுதாமல், "கசிவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை அடைத்து, செய்த வேலையைச் சேவைச் சிட்டையில் எழுதித் தரவும்" என்று எழுத வேண்டும். காஸ் என்பது எரிந்து தீர்ந்துபோகும் எண்ணெய் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, ஓட்டையைத் தேடாமல் நிரப்பியவர் எதையும் திருத்தவில்லை.

மேல்மூடிப் பிரீசரில் சிக்கல் எங்கே என்றால், குழாய்களின் பெரும்பகுதி வெளியே தெரியாது. குளிரூட்டும் குழாய் உட்சுவரின் பின்புறத்திலும், பெரும்பாலான மொடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் வெளித் தகட்டின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டு, இரண்டுக்கும் நடுவே நுரை நிரப்பி இறுக்கப்பட்டிருக்கும். அந்த நுரைக்குள் கசிவு ஏற்பட்டால், பெட்டியை உடைக்காமல் அதைத் தொட முடியாது. உள்ளே புதிய குழாயைச் சுற்றிப் பூட்டித் தருவதாகச் சில திருத்துநர்கள் சொல்வார்கள். அது உத்தரவாதம் முடிந்த பழைய பெட்டிக்குச் சரியாக இருக்கலாம், மூன்று மாதம்கூட ஆகாத புதிய பெட்டிக்கு அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய தேவையில்லை. எனவே கசிவு நுரைக்குள் இருக்கிறது என்று தெரிந்தால், மாற்றுப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் முறை கடினமானதல்ல. டெக்னீசியன் இரண்டு குழாய்ச் சுற்றுகளையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நைதரசன் வாயுவை அழுத்தி, அழுத்தமானியைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளியே தெரியும் ஒட்டுகளில் சவர்க்கார நுரை குமிழி விடாமல் இருக்கும்போதே மானியின் முள் இறங்கினால், ஓட்டை உள்ளே இருக்கிறது. வாழைச்சேனை வியாபாரி ஏப்ரல் 9ஆம் திகதி இந்தச் சோதனையைச் சேவை நிலையத்து டெக்னீசியனைக் கொண்டே செய்வித்து, "உட்சுவர்க் குழாயில் கசிவு" என்று சேவைச் சிட்டையில் எழுதுவித்துக் கையொப்பமும் வாங்கிவிட்டார். அந்த வரியை நிறுவனத்தின் ஆளே எழுதியிருந்ததால், மின்னஞ்சலின் இணைப்புகளில் அதற்கே நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்பது வேறு வகையைச் சேர்ந்தது. உத்தரவாத அட்டை உற்பத்தி நிறுவனமோ இறக்குமதியாளரோ கொடுத்த வாக்குறுதி. அதில் பெரும்பாலும் திருத்துவோம், தேவையானால் மாற்றுவோம் என்றுதான் இருக்கும், பணம் தருவோம் என்று இருக்காது. பணத்தை வாங்கியவர் கடைக்காரர். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவருக்குக் கொடுக்கும் உரிமையும் விற்றவருக்கு எதிரானதே. என்ன தேவைக்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால், அந்தத் தேவைக்குப் பொருள் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது விற்பனையில் அடங்கிய நிபந்தனை. பெயரைச் சொல்லி இன்ன கம்பனியின் இன்ன மொடல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவருக்கு இந்த வாதம் பலம் குறைந்தது. எனவே பணம் கேட்பதாக இருந்தால், உற்பத்தியாளருக்கு எழுதும் மின்னஞ்சலின் பிரதி கடைக்காரருக்கும் போக வேண்டும், பணத்துக்கான கோரிக்கை கடைக்காரரின் பெயரைச் சுட்டியே எழுதப்பட வேண்டும். கொழும்பிலுள்ள நிறுவனத்திடம் மட்டும் பணம் கேட்டால், "நீங்கள் வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்ற ஒரு வரிப் பதிலுடன் நாட்கள் கடந்துபோகும்.

அப்படியென்றால் பணத்தை முதல் கோரிக்கையாகக் கேட்பது எப்போது சரி? என் கருத்தில் ஒரு நிலையில் மட்டும்: அதே மொடலில் இன்னொன்று தந்தாலும் பயனில்லை என்ற நிலையில். பிரீசரின் பின்புறத்துத் தகட்டில் அது எந்தக் காலநிலைக்கு உரியது என்று எழுத்தால் குறித்திருப்பார்கள். N என்றிருந்தால் சுற்றுப்புறம் 32 பாகை வரை, ST என்றால் 38 வரை, T என்றால் 43 வரை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வைகாசி, ஆனி மாதங்களின் பகல் வெயில் 32 பாகையைத் தாண்டும் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தகரக் கூரைக் கடைக்குள் அது இன்னும் கூடும். N என்று மட்டும் குறித்த பெட்டியை மீன் கடைக்கென்று சொல்லி வாங்கியவருக்கு, அதில் பழுதே இல்லாவிட்டாலும் குளிர் போதாது. மாற்றித் தரும் பெட்டியும் அதேபோலத்தான் இருக்கும். அவர் பணத்தையோ, விலை வித்தியாசத்தைக் கட்டி உயர்ந்த வகைப் பெட்டியையோ கேட்பதே பொருத்தம். வாழைச்சேனையாரின் பெட்டியில் T என்ற குறி இருந்தது. மொடலில் குறையில்லை, அவருக்குக் கிடைத்த பெட்டியில்தான் குறை. ஆகையால் அவருக்கு மாற்றுப் பெட்டியே முதல் கோரிக்கை என்று முடிவாயிற்று. மொடல் கையிருப்பில் இல்லாவிட்டால் மட்டும் பணம்.

தவணைக் கடனில் அல்லது லீசிங்கில் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டியின் உரிமை நிதி நிறுவனத்திடம் இருக்கும்போது, மாற்றவோ பணம் பெறவோ அவர்களின் எழுத்துச் சம்மதமும் தேவைப்படும். பழுதைச் சொல்லித் தவணையை நிறுத்துவது உங்களையே சிக்கலில் மாட்டும்.

இனி, நிறுவனம் மறுத்துச் சொல்லக்கூடியவற்றை மின்னஞ்சலிலேயே முன்கூட்டிச் சந்திப்பது பற்றி. வோல்டேஜ் ஏறி இறங்கியதால் வந்த பழுது என்பது முதலாவது. எங்கள் மின்சாரம் 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது நாட்டின் வரையறை. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத் தடுமாறும் இடங்கள் உண்டு என்பதால் இந்தச் சாட்டு எளிதில் சொல்லப்படுகிறது. ஆனால் தடுமாறும் வோல்டேஜ் கொம்பிரசரின் சுருளையும் ரிலேயையும் கெடுக்குமே தவிர, குழாயில் ஓட்டை போடாது. பழுது கசிவு என்று சிட்டையில் எழுதியிருக்கும்போது இந்தச் சாட்டு தானாகவே விழுந்துவிடும். இருந்தாலும் ஸ்டெபிலைசர் வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: பனியைக் கத்தியால் கொத்திச் சுவரை நீங்களே துளைத்துவிட்டீர்கள் என்பது. மீன் கடைகளில் இது உண்மையிலேயே நடக்கிறது, அதனால் நிறுவனங்கள் சந்தேகப்படுவதில் பிழையில்லை. பெட்டியை வெறுமையாக்கித் துடைத்து, நான்கு உட்சுவர்களையும் அடித்தளத்தையும் கீறல் எதுவும் இல்லை என்று தெரியும்படி வெளிச்சத்தில் படமெடுத்து இணைப்பதுதான் அதற்கு விடை. இந்தப் படங்களை டெக்னீசியன் சுவரைக் கழற்றுவதற்கு முன்பு எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு அட்டையிலேயே அச்சாகியிருக்கலாம்: வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்று. வியாபாரத்துக்கு வாங்கியவர்கள் இதைப் படிக்காமல் எழுதி, தம் வாயாலேயே உத்தரவாதத்தை இழப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படி அச்சாகியிருந்தால் பொய் சொல்லி வீட்டுக்கு வாங்கியதாக எழுதக்கூடாது, பற்றுச்சீட்டிலுள்ள வியாபாரப் பெயரே அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த நிலையில் கோரிக்கையின் திசையைக் கடைக்காரர் பக்கம் திருப்ப வேண்டும். மீன் வைக்க என்று கேட்டு அனுப்பிய வட்ஸ்அப் செய்தியோ, "மீன் கடைக்கு" என்று குறித்த விலைக் கூறலோ இருந்தால் அதுவே பற்றுச்சீட்டுக்கு அடுத்த முக்கிய சான்று. கொம்பிரசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பியும் எழுத வேண்டாம்; அது கொம்பிரசர் என்ற பாகத்துக்கு மட்டும், குழாய்க் கசிவுக்கோ காஸுக்கோ உரியதல்ல.

கால எல்லை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருத்தத்தைத் தெரிவு செய்வதன் மறைவான செலவு அங்கேதான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் விற்கப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரித்த பின் நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று அதிகாரசபை உத்தரவிட முடியும். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். காலம் எண்ணப்படுவது பழுதான நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. முதல் காஸ், இரண்டாம் காஸ் என்று நல்லெண்ணத்தோடு காத்திருந்ததில் வாழைச்சேனையாருக்கு ஏப்ரல் 20 வரைதான் மீதமிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, 18ஆம் திகதி பெரிய வெள்ளி விடுமுறை, இடையில் சித்திரைப் புத்தாண்டு வேறு. எனவே 17ஆம் திகதியே நடைமுறையில் கடைசி நாளாயிற்று. இதை மனத்தில் வைத்து, ஏப்ரல் 10ஆம் திகதி நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் உடற்பகுதி இது:

"2025.01.20 அன்று மட்டக்களப்பிலுள்ள தங்கள் விற்பனை முகவரிடமிருந்து, இணைப்பு 1இலுள்ள பற்றுச்சீட்டின்படி, 198,500 ரூபாவுக்கு எமது வியாபாரத்துக்காக வாங்கிய பிரீசர் மூன்றாவது தடவையாகக் குளிர் இழந்துள்ளது. மொடலும் தொடரிலக்கமும் இணைப்பு 2இலுள்ள தகட்டின் படத்தில் உள்ளன. மார்ச் 3ஆம், 27ஆம் திகதிகளில் தங்கள் சேவை நிலையம் காஸ் நிரப்பியது, கசிவு தேடப்படவில்லை. ஏப்ரல் 9ஆம் திகதிச் சோதனையில் கசிவு உட்சுவர்க் குழாயில் இருப்பதாகத் தங்கள் டெக்னீசியன் பதிந்துள்ளார். சேவைச் சிட்டைகள் மூன்றும் இணைப்பு 3இல் உள்ளன. உட்சுவரில் கீறலோ துளையோ இல்லை என்பதை இணைப்பு 4இன் படங்கள் காட்டும். நுரைக்குள் உள்ள இக்கசிவைப் பெட்டியை உடைக்காமல் திருத்த முடியாது என்பதால், இதே மொடலில் புதிய பிரீசர் ஒன்றை, எமது கடைக்குக் கொண்டுவரும் செலவு உட்பட, மாற்றித் தருமாறு கோருகிறோம். புதிய பெட்டியின் உத்தரவாதம் அது ஒப்படைக்கப்படும் நாளிலிருந்து தொடங்குவதையும் எழுத்தில் உறுதிப்படுத்தவும். இந்த மொடல் கையிருப்பில் இல்லையெனில், பிரதி பெறும் விற்பனையாளர் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். ஏப்ரல் 16ஆம் திகதிக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். சட்டம் விதித்த கால எல்லை காரணமாக, 17ஆம் திகதி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கான எமது முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்தில் கையளிப்போம்."

பழுதாகிப்போன இறாலின் பெறுமதியையும், இடைக்காலத்தில் ஐஸ் வாங்கிய செலவையும் இந்த மின்னஞ்சலில் சேர்க்கவில்லை. அவற்றுக்கான சிட்டைகளைத் திகதி வாரியாகத் தனிக் கோப்பில் வைக்கச் சொன்னேன். உத்தரவாத அட்டைகள் பெரும்பாலும் இத்தகைய தொடர் நட்டங்களை விலக்கிவிடும். அவற்றை முதல் மின்னஞ்சலில் போட்டால், ஒரே நாளில் ஒப்புக்கொள்ளக்கூடிய மாற்றுப் பெட்டிக் கோரிக்கையும் சட்டப் பிரிவுக்குப் போய்த் தங்கிவிடும். அந்த நட்டத்தை விற்றவரிடம் தனியாகக் கோரலாம், பெட்டி வந்த பிறகும் கோரலாம். மின்னஞ்சலுக்குச் சட்டத்தில் எழுத்துக்குரிய மதிப்பு உண்டு, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதை உறுதி செய்கிறது. இருந்தாலும் தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றைக்கே அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரியாக எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

பதில் 16ஆம் திகதி பிற்பகலில் வந்தது: முதலில் ஒரு தடவை இலவசமாகக் காஸ் அடித்துப் பார்ப்போம், பிறகு மாற்றுவது பற்றி யோசிப்போம் என்று. அதற்கு மறுமொழியாக ஏப்ரல் 9ஆம் திகதிச் சிட்டையை மட்டும் மீண்டும் இணைத்து, "தங்கள் டெக்னீசியன் கண்ட கசிவு அடைக்கப்படாமல் காஸ் நிரப்புவதை நாம் திருத்தமாக ஏற்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தை அனுப்பினோம், மறுநாள் முறைப்பாட்டையும் கையளித்துப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கினோம். மாற்றுப் பெட்டி மே மாதத் தொடக்கத்தில் லொறியில் வந்தது. இறக்குவதற்கு முன்பே தகட்டிலுள்ள தொடரிலக்கத்தையும் T என்ற குறியையும் வியாபாரி பார்த்துக்கொண்டார். பழைய பெட்டியை ஏற்றிவிடும்போது, அதன் தொடரிலக்கத்தை எழுதி லொறிக்காரரிடம் கையொப்பம் பெற்ற துண்டை, புதிய உத்தரவாத அட்டையோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறார்.